மண்டியா, களத்து வியாபாரியா, ஏலக்கூடமா: 100 கிலோ ஏத்தினா எத்தனை கிலோவுக்குக் காசு கைக்கு வருது?

"அந்த ஏஜென்ட் 6 பர்சென்ட்தான் எடுக்குறாரு, இவரு 10 எடுக்குறாரு, யாருகிட்ட போடலாம்?" காய்கறியோ தானியமோ விக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. இப்படிக் கேட்டா பதில் சொல்லவே முடியாது, ஏன்னா கமிஷன்ங்கிறது சீட்டுல கண்ணுக்குத் தெரியுற ஒரே ஒரு கழிவு, மத்தது எல்லாம் எடையிலயும் கூலியிலயும் தேதியிலயும் ஒளிஞ்சு கிடக்கு. அதனால நான் எல்லாத்தையும் கிலோவா மாத்திப் பாப்பேன். 100 கிலோ ஏத்தி அனுப்பினா, கழிவெல்லாம் போக, எத்தனை கிலோவோட விலை என் கைக்கு வந்துச்சு? இந்த ஒரு நம்பர் இருந்தா எந்த ஏஜென்டையும் எந்த ஏஜென்டோடயும் வச்சுப் பாத்துடலாம்.

கீழ வர்ற ரூபாய் கணக்கு எல்லாம் கூட்டிக் கழிக்க வசதியா நானே வச்சுக்கிட்ட எண்கள்தான், உங்க சரக்கோட நம்பரைப் போட்டு மாத்திக்கோங்க.

## எதை எதைப் பாக்கணும்

முதல்ல எடை. தராசுல வந்த எடைக்கும் சீட்டுல எழுதுன எடைக்கும் நடுவுல என்ன போச்சுன்னு பாக்கணும். சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, கிலோவுக்குக் கீழ வர்ற கிராமை அப்படியே விட்டுடுறது, மாதிரிக்குன்னு கை விட்டு எடுக்குறது எல்லாம் இங்கதான் நடக்கும்.

ரெண்டாவது பர்சென்ட்ல போற கழிவு, அதாவது கமிஷன். மூணாவது மூட்டைக்கு இவ்வளவுன்னு போற கழிவு: இறக்குக்கூலி, எடைக்கூலி, வண்டி வாடகை. இந்த ரெண்டையும் தனித்தனியா வைக்கணும், ஒண்ணா கூட்டிடக் கூடாது. விலை இறங்கினா கமிஷன் கூடவே இறங்கும், மூட்டைக்கூலி இறங்காது. 50 கிலோ மூட்டைக்கு 12 ரூபாய் இறக்குக்கூலின்னா, கிலோ 20 விக்கிறப்ப அது மூட்டை விலையில 1.2 பர்சென்ட், கிலோ 8க்கு வந்தா அதே 12 ரூபாய் 3 பர்சென்ட்.

நாலாவது, காசு என்னிக்கு வருது. அஞ்சாவது, வழியில விலை இறங்கினா அடி யாருக்கு. இந்த அஞ்சாவது எந்தச் சீட்டுலயும் இருக்காது, ஆனா மண்டியா களத்து வியாபாரியான்னு முடிவு பண்றதே பெரும்பாலும் இதுதான்.

| பாக்க வேண்டியது | கமிஷன் மண்டி | களத்துக்கு வர்ற வியாபாரி | ஏலக்கூடம் |
|---|---|---|---|
| எடைக் கழிவு | ஆளுக்கு ஆள் மாறும், ஏமாறுறதும் இங்கதான் | மூட்டைக்கு இவ்வளவுன்னு பேசி வச்சுடலாம் | தானியத்துல ஈரப்பதத்தை வச்சு |
| பர்சென்ட் | விலையில இருந்து நேரா போகும் | கிடையாது, விலைக்குள்ளயே இருக்கும் | பெரும்பாலும் வாங்குறவர் கட்டுவாரு |
| கூலி, வண்டி | நம்ம தலையில | அவரு தலையில | கொண்டு போறது நம்ம செலவு |
| காசு | அன்னிக்கே, இல்ல தவணையில | ஏத்துறப்பவே வாங்கிடலாம் | அங்க உள்ள நடைமுறைப்படி |
| விலை இறங்கினா | நமக்கு அடி | அவருக்கு அடி | நமக்கு, ஆனா வேண்டாம்னு சொல்லலாம் |

## கமிஷன் மண்டி

மண்டி ஏஜென்ட் சரக்கை வாங்குறதில்ல, நமக்காக வித்துக் குடுக்குறாரு. ரெண்டு ஏஜென்ட்களை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம். காய்கறி 20 மூட்டை, ஒவ்வொண்ணுலயும் சரியா 50 கிலோ காய், பிளாஸ்டிக் சாக்கு எடை சுமார் 100 கிராம், அன்னிக்கு விலை கிலோ 20.

முதல் ஏஜென்ட் 6 பர்சென்ட். தராசுல 50 கிலோ 100 கிராம் காட்டுது, அந்த 100 கிராமை விட்டுட்டாரு, அப்புறம் சாக்குக்கு ஒரு கிலோ, கழிவுக்கு ஒரு கிலோன்னு மூட்டைக்கு 2 கிலோ கழிச்சு 48ன்னு எழுதுறாரு. மொத்தம் 960 கிலோ, 19,200 ரூபாய். கமிஷன் 1,152. இறக்குக்கூலி மூட்டைக்கு 12, எடைக்கூலி 4, ஆக 320. மிச்சம் 17,728.

ரெண்டாவது ஏஜென்ட் 10 பர்சென்ட். சாக்கோட நிஜ எடையை மட்டும் கழிச்சு 50 கிலோன்னு எழுதுறாரு. 1000 கிலோ, 20,000 ரூபாய். கமிஷன் 2,000, இறக்குக்கூலி 240, எடைக்கூலி தனியா இல்ல. மிச்சம் 17,760.

கிலோ கணக்குல முதல் ஆளு 886, ரெண்டாவது ஆளு 888. நாலு பர்சென்ட் வித்தியாசம்னு நெனச்சது மூட்டைக்கு ரெண்டு கிலோவுல காணாமப் போச்சு. இதுல கவனிக்க வேண்டியது, 50 கிலோ மூட்டையில 2 கிலோன்னா அதுவே 4 பர்சென்ட். 25 கிலோ மூட்டையா கட்டி அதே 2 கிலோவைக் கழிச்சா 8 பர்சென்ட். கழிவு மூட்டைக் கணக்குன்னா பெரிய மூட்டையா கட்டுறது நல்லது, ஆனா அடியில இருக்குற காய் நசுங்காத சரக்கா இருக்கணும்.

சணல் சாக்கு வேற விஷயம், 50 கிலோ புடிக்கிற சணல் சாக்கு நிஜமாவே அரை கிலோவுக்கு மேல இருக்கும், நனைஞ்சிருந்தா இன்னும் கூடும். அங்க ஒரு கிலோ கழிக்கிறதுல பாதிக்கு மேல நியாயம் இருக்கு. பிளாஸ்டிக் சாக்குக்கும் அதே ஒரு கிலோ கழிச்சா வாய் திறந்து கேக்கணும். சாக்கு நம்மளோடதா இருந்து அது திரும்பி வரலைன்னா அதையும் செலவுல எழுதிக்கோங்க, நிறைய பேர் இதை மறந்துடுறாங்க.

இப்ப விலை 8 ரூபாய்க்கு விழுந்துட்டதுன்னு வைங்க. முதல் ஏஜென்ட்கிட்ட 862 கிலோவுக்கான காசு வரும், ரெண்டாவது ஆளுகிட்ட 870. ரெண்டு பேருகிட்டயும் குறையுது, மூட்டைக்கூலி அதிகமா எடுக்குற ஆளுகிட்ட இன்னும் வேகமா குறையுது. வண்டி வாடகை மூட்டைக்கு 30ன்னா மொத்தம் 600 ரூபாய், விலை 20ல அது 30 கிலோ, விலை 8ல 75 கிலோ. விலை மட்டமா போற சீசன்ல கமிஷனைப் பேரம் பேசுறதை விட ரெண்டு பேர் சேந்து ஒரு வண்டி புடிக்கிறதுலதான் காசு மிச்சமாகும்.

கமிஷனுக்குள்ள இன்னொண்ணு இருக்கு, அதை யாரும் கழிவுன்னு நெனைக்கிறதில்ல. 10 பர்சென்ட் ஏஜென்ட் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்து கிலோவுக்கு 1 ரூபாய் கூட வாங்கித் தந்தா 1000 கிலோவுல அவருக்கு 100 ரூபாய், நமக்கு 900. அந்த ஒரு மணி நேரத்துல அவரு அடுத்த வண்டியை வித்து 2,000 பாத்துடுவாரு. அதனால சீக்கிரம் தள்ளி விடுறதுதான் அவருக்கு லாபம், இது கெட்ட எண்ணம் எல்லாம் இல்ல, கணக்கு அப்படி அமைஞ்சிருக்கு. பர்சென்ட் ரொம்பக் குறைவா எடுத்து நிறைய வண்டி ஓட்டுற ஏஜென்ட்கிட்ட இந்த அவசரம் இன்னும் ஜாஸ்தியா இருக்கலாம். ஒரே நாள், ஒரே தரம், பக்கத்து ஏஜென்ட் என்ன விலை போட்டாருன்னு கேட்டு வச்சுக்கிட்டே வந்தா கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுடும்.

ஏஜென்டே தன் கடைக்கு வாங்கிட்டு வெளி ஆளுக்கு வித்த மாதிரி எழுதுறதும் உண்டு. சீட்டுல வாங்குனவர் பேரே இல்ல, 20 மூட்டையும் ஒரே விலை, அதுவும் எப்பவும் முழு ரூபாய்லயே இருக்குன்னா சந்தேகப்படலாம். நிஜமா சில்லறையா வித்திருந்தா காலையில ஒரு விலை, வெயில் ஏறின பிறகு ஒரு விலைன்னு ரெண்டு மூணு வரியாவது இருக்கும்.

மண்டி யாருக்கு சரி? தரம் பிரிச்சு அனுப்ப முடியுறவங்களுக்கு, விலை ஏறிக்கிட்டு இருக்குற நேரத்துக்கு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா பறிக்கிற காய்க்கு.

## களத்துக்கே வர்ற வியாபாரி

கமிஷன் இல்ல, வண்டி இல்ல, இறக்குக்கூலி இல்ல, ஆனா விலை கம்மி. மார்க்கெட்ல 20 ஓடுறப்ப இவரு 17 கேப்பாரு, உடனே நமக்கு "மூணு ரூபாய் அடிக்கிறான்"னு கோவம் வரும். கோவத்தை ஓரமா வச்சுட்டு அதே 20 மூட்டையைப் போட்டுப் பாப்போம்.

இவரு மூட்டைக்கு 1 கிலோ கழிக்கிறாருன்னு வைங்க. 980 கிலோ, 17 ரூபாய், மொத்தம் 16,660. மண்டியில 10 பர்சென்ட் ஆளுகிட்ட 17,760 வந்துச்சு, அதுல வண்டி 600 போனா 17,160. ஆக நிஜ வித்தியாசம் 500 ரூபாய்தான், கிலோவுக்கு அரை ரூபாய். அந்த மூணு ரூபாய் எங்க போச்சுன்னா கமிஷன், வண்டி, கூலிக்கே பெரும்பகுதி போயிடுச்சு.

இன்னும் ஒரு படி போகலாம். மண்டியில நம்ம கைக்கு வர்றது, விலையை 900 ஆல பெருக்கி அதுல 840 கழிச்சா வர்ற தொகை (1000 கிலோவுல 10 பர்சென்ட் போக 900, இறக்குக்கூலி 240ம் வண்டி 600ம் சேந்து 840). அது 16,660க்குச் சமமாகணும்னா மண்டி விலை 19 ரூபாய் 44 காசு இருக்கணும். அதாவது வண்டி கிளம்பி போய்ச் சேர்றதுக்குள்ள விலை 56 காசு இறங்கினா களத்துலயே குடுத்திருக்கலாம்னு ஆயிடும். காய்கறி விலை ராத்திரியோட ராத்திரியா 56 காசு இறங்குறது எல்லாம் ஒரு இறக்கமே இல்ல. விலை இறங்கிக்கிட்டு இருக்குற வாரத்துல களத்து வியாபாரியை விரட்டி விடுறது எனக்கு சரியாப் படல, விலை ஏறிக்கிட்டு இருக்குற வாரத்துல அவருகிட்ட குடுக்குறதும் சரியாப் படல.

இவருகிட்ட கழிவு வேற ரூபத்துல வரும். பாதி ஏத்தினப்புறம் "காய் சொத்தையா இருக்கு, 16 போட்டுக்குறேன்"னு விலையை இறக்குவாரு. பறிச்ச காயை மறுபடி செடியில ஒட்ட வைக்க முடியாதுன்னு அவருக்கும் தெரியும். அதனால பறிக்கிறதுக்கு முன்னாடியே விலை, மூட்டைக் கழிவு, என்ன மாதிரி காயை ஒதுக்குவாரு, காசு எப்பன்னு நாலையும் பேசி, வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜாவது அனுப்பச் சொல்லி வச்சுக்கணும். அட்வான்ஸ் அவரு நமக்குக் குடுத்திருந்தா வார்த்தை மாற கொஞ்சம் யோசிப்பாரு. தராசும் அவரோடதுதான் வரும், நமக்கு எடை தெரிஞ்ச ஒரு பொருளை முதல்ல தூக்கி வச்சுப் பாக்குறதுக்கு வெக்கப்பட வேண்டாம், நம்ம எடை நமக்குத் தெரியும்னா நாமே ஏறி நின்னாலும் சரிதான்.

காசு அப்புறம் தர்றேன்னு சொல்ற புது ஆளுன்னா நான் இந்தக் கணக்கே போட மாட்டேன். ரொக்கம் இல்லாம தோட்டத்தை விட்டு மூட்டை வெளிய போச்சுன்னா அது வியாபாரம் இல்ல, கடன், அதுவும் யாருன்னே தெரியாத ஆளுக்கு.

## ஏலக்கூடம் (பெரும்பாலும் தானியத்துக்கு)

நிறைய ஏலக்கூடத்துல விக்கிறவருகிட்ட கமிஷன் எடுக்குறதில்ல, சந்தைக் கட்டணத்தை வாங்குறவர் கட்டுவாரு. அதனால செலவே இல்லன்னு நெனச்சுடாதீங்க, 1 பர்சென்ட் கட்டணும்னு தெரிஞ்சவரு அதை மனசுக்குள்ள கழிச்சுட்டுத்தான் ஏலம் கேப்பாரு. ஆனாலும் நாலு பேர் போட்டி போட்டா அந்தக் கழிவை மீறி விலை போகும், ரெண்டே பேர் நின்னு ஒருத்தர் கேட்டதும் மத்தவர் சும்மா இருந்தா போகாது. ஏலம் நடக்குறப்ப எத்தனை பேர் நிஜமா விலையை ஏத்திக் கேக்குறாங்கன்னு எண்ணிப் பாருங்க, எத்தனை பேர் நிக்கிறாங்கங்கிறது முக்கியமில்ல.

தானியத்துல பெரிய கழிவு ஈரம்தான், இதை கொஞ்சம் நிதானமா பாப்போம். 1000 கிலோ தானியம் 17 பர்சென்ட் ஈரத்துல இருக்கு, அவங்க கேக்குறது 14. இதுல தண்ணி போக உள்ள சரக்கு 830 கிலோ. 14 பர்சென்ட் ஈரத்துல அதே 830 இருக்கணும்னா மொத்த எடை 830ஐ 0.86 ஆல வகுத்தா வரும், 965 கிலோ. ஆக நியாயமான கழிவு 35 கிலோ. மூணு பாயின்ட்டுக்கு 30 கிலோ மட்டும் கழிச்சா, அதாவது 100 கிலோவுக்கு பாயின்ட்டுக்கு ஒரு கிலோன்னு, நமக்கு 5 கிலோ லாபம், ஈரத்தோடயே போட்டுட்டு வந்துடலாம். ஒன்றரை கிலோன்னா 45 கிலோ போகும், 10 கிலோ நஷ்டம், அவங்க காய வைக்கிற செலவுன்னு எடுத்துக்கலாம். ரெண்டு கிலோன்னா 60 போகும், 25 கிலோ நஷ்டம். அந்த 25 கிலோவோட விலையை விடக் கம்மியா நம்ம களத்துல கூலி குடுத்து காய வைக்க முடியும்னா காய வச்சுட்டுப் போறதுதான் சரி. கழிவு விகிதம் எவ்வளவுன்னு கேக்காம காய வைக்கிறதும் காய வைக்காம போறதும் ரெண்டுமே குருட்டாம்போக்குதான்.

அதுக்காக ரொம்பக் காய வைக்கவும் கூடாது. 12 பர்சென்ட்டுக்குக் காஞ்சா அதே சரக்கு 943 கிலோதான் நிக்கும். 14க்கு உள்ள விலையைத்தான் தருவாங்க, 12க்குன்னு கூடுதல் விலை இல்லன்னா அந்த 22 கிலோ வெயில்ல போனதுதான்.

ஈரம் பாக்குற மீட்டர் ஒரு பாயின்ட் தப்பா காட்டினா 1000 கிலோவுல சுமார் 12 கிலோ போகும், அதனால ஒரே மூட்டையில இருந்து ஒரு கை எடுத்து முடிவு பண்ண விடாதீங்க. மேல உள்ள மூட்டை காஞ்சிருக்கும், நடுவுல இருக்குறது ஈரமா இருக்கும், ரெண்டு மூணு மூட்டையில எடுத்துக் கலந்து பாக்கச் சொல்லுங்க. வெயில்ல இருந்து அப்படியே அள்ளிட்டுப் போன சூடான தானியத்துல மீட்டர் சரியா காட்டாது, ஆறின பிறகு பாக்கச் சொல்லணும். கல்லு, தூசி, பதருக்குன்னு ஒரு கழிவு தனியா வரும், தூத்தி எடுத்துட்டுப் போனா அதை யாரும் எழுத முடியாது.

இங்க நமக்கு இருக்குற பெரிய வசதி, விலை புடிக்கலைன்னா குடுக்க மாட்டேன்னு சொல்லலாம். ஆனா திருப்பி எடுத்துட்டுப் போற வண்டி வாடகையும் நம்ம தலையிலதான், அது வாங்குறவங்களுக்கும் தெரியும். சேமிக்க பக்கத்துலயே கிடங்கு இருந்தாதான் "வேண்டாம்"ங்கிற வார்த்தைக்கு பலம். காய்கறிக்கு இந்த வசதியால பிரயோஜனம் ரொம்பக் கம்மி, நாளைக்கு வரைக்கும் தாங்காத சரக்கை வச்சுக்கிட்டு என்ன வீம்பு புடிக்க முடியும்.

## முன்பணம் குடுத்த ஏஜென்ட்

இது தனி ஆளு இல்ல, மேல சொன்ன மண்டி ஏஜென்ட்தான், ஆனா விதைக்கும் உரத்துக்கும் பணம் குடுத்து வச்சிருக்காரு, "வட்டி வேண்டாம், சரக்கை மட்டும் எனக்கே போடுங்க"ன்னு சொல்லியிருக்காரு. வட்டி இல்லாத பணம்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, மத்தவங்களை விட எத்தனை பர்சென்ட் கூட எடுக்குறாருன்னு பாருங்க.

50,000 முன்பணம். மத்தவங்க 6 எடுக்குற இடத்துல இவரு 10. நாலு மாசத்துல 2,00,000க்கு சரக்கு போட்டீங்கன்னா கூடுதலா போறது 8,000. 50,000க்கு நாலு மாசத்துல 8,000ன்னா 16 பர்சென்ட், வருஷத்துக்கு 48. அதுவும் ஒவ்வொரு சீட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா முன்பணத்தைக் கழிச்சுக்கிட்டே வந்தாருன்னா நம்ம கையில சராசரியா பாதிப் பணம்தான் இருந்திருக்கும், அப்ப நிஜ வட்டி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதே முன்பணத்துக்கு 50,000க்கு மட்டும்தான் சரக்கு போடுறீங்கன்னா கூடுதல் 2,000தான், வருஷத்துக்கு 12 பர்சென்ட், அது சுமாரான வட்டிதான். சரக்கு கம்மியா போடுறவங்களுக்கு இந்த ஏற்பாடு பரவாயில்ல, நிறைய போடுறவங்களுக்கு கழுத்துப் பிடி. வேற எங்கயும் கடன் கிடைக்கலைன்னா வாங்கத்தான் வேணும், அதுல தப்பில்ல, ஆனா "இத்தனை ரூபாய் சரக்கு வரைக்கும்தான் இந்த கமிஷன், அதுக்கு மேல மத்தவங்க மாதிரி"ன்னு ஒரு எல்லை பேசிப் பாருங்க.

இதோட தம்பிதான் ரொக்கக் கழிவு. 15 நாள்ல முழுசா தர்றேன், இன்னிக்கே வேணும்னா 2 பர்சென்ட் கழிச்சுக்கிறேன்பாங்க. 15 நாளுக்கு 2ன்னா அதுவும் வருஷத்துக்கு 48ஐத் தாண்டுது. அவசரம் இல்லைன்னா, ஆளும் நம்பிக்கையானவர்னா, காத்திருக்கலாம். ஆளு மேல நம்பிக்கை இல்லைன்னா 2 பர்சென்ட்டை விட்டுக் குடுத்து வாங்கிட்டு வந்துடுங்க.

## ஒப்பிடணும்னா கையில என்ன இருக்கணும்

இந்தக் கணக்கு எல்லாத்துக்கும் ஆரம்பம், கிளம்புறப்ப என்ன எடைன்னு நமக்குத் தெரியுறது. மூட்டை கட்டினதும் எடை போட்டு நம்பரை சாக்கு மேலயே எழுதிடுங்க, எல்லா மூட்டையும் முடியலைன்னா நாலஞ்சாவது. அங்க எழுதுற எடையோட பாத்தா கழிவு எவ்வளவுன்னு தெரிஞ்சுடும். ஆனா ஒண்ணு, பறிச்ச காய் ராத்திரி முழுக்க வண்டியில போனா தண்ணி வத்தி நிஜமாவே எடை குறையும், இலைக் காய்கறியில இது கண்ணுக்கே தெரியும். அதை ஏஜென்ட் திருடிட்டாருன்னு சொல்ல முடியாது. ஒரு மூட்டையை வீட்டுலயே வச்சிருந்து காலையில மறுபடி எடை போட்டா எவ்வளவு வத்துச்சுன்னு சுமாரா தெரியும், அதுக்கு மேல போனதைத்தான் கேக்கணும்.

சீட்டுல மொத்த எடை, கழிச்ச எடை, விலை, கமிஷன், கூலின்னு தனித்தனி வரியா எழுதித் தரச் சொல்லுங்க. "எல்லாம் போக இவ்வளவு"ன்னு ஒரே வரியில தர்றவருகிட்ட எந்த பர்சென்ட்டையும் பேசிப் பிரயோஜனம் இல்ல, 2 பர்சென்ட் குறைச்சாருன்னா அதை எடையில எடுத்துடுவாரு. ஒரே சரக்கை ஒரே நாள்ல பாதி அங்கயும் பாதி இங்கயும் அனுப்பிப் பாக்குறதுதான் சரியான சோதனை, ஆனா ரெண்டு பாதியும் ஒரே தரமா இருக்கணும், நல்ல காயை ஒரு பக்கமும் பொடிக் காயை இன்னொரு பக்கமும் அனுப்பிட்டு ஏஜென்டை ஒப்பிடக் கூடாது.